மேற்படிப்புக்குச் செல்லும் செவிலியரின் பணிவிலகல் கடிதம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில், என் மேசைக்கு மிகுதியாக வந்த தாள் ராஜினாமாக் கடிதமாகத்தான் இருக்கும். திருமணம், பிரசவம், வளைகுடா நாட்டில் வேலை, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் அரசுப் பணி, சொந்த ஊருக்கு அருகில் ஒரு மருத்துவமனை என்று காரணங்கள் பலவாக இருக்கும். அவற்றுள் மேற்படிப்புக்காக எழுதப்படும் கடிதத்தை நான் எப்போதும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பேன். மற்றக் காரணங்களுக்காகச் செல்பவர்களுக்கு அந்தக் கடிதம் பெரும்பாலும் எங்கள் அலுவலகக் கோப்போடு முடிந்துவிடும். படிக்கச் செல்பவருக்கோ அந்தக் கடிதத்திலிருந்து பிறக்கும் இரண்டு தாள்கள், அதாவது ரிலீவிங் ஆர்டர் எனப்படும் விடுவிப்பு ஆணையும் பணி அனுபவச் சான்றிதழும், கல்லூரிச் சேர்க்கை நாளில் மேசைமேல் இருந்தாக வேண்டும். அவற்றில் ஒரு தேதி பிசகினால் அதைத் திருத்துவதற்கு அவர் மீண்டும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. இதில் சேர, இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் பி.எஸ்சி. நர்சிங் அல்லது செவிலியர் பட்டயம் பெற்றவர்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மொத்தத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். மாநில கவுன்சிலில் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் பதிவு செய்திருக்க வேண்டும். இவற்றோடு குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்கு அந்த ஓராண்டு பட்டப்படிப்புக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் முடித்தவருக்கு அது படிப்புக்கு முன்பானதாகவும் இருக்கலாம், பின்பானதாகவும் இருக்கலாம். மதிப்பெண்ணையும் பதிவையும் பல்கலைக்கழகமும் கவுன்சிலும் தரும் சான்றுகள் காட்டிவிடும். அனுபவத்தைக் காட்டும் தாளைத் தரவேண்டியது மருத்துவமனை. அந்தத் தாளில் பணி தொடங்கிய நாளை நியமன ஆணை தீர்மானிக்கிறது. பணி முடிந்த நாளைத் தீர்மானிப்பது செவிலியர் தாமே எழுதும் பணிவிலகல் கடிதம். என் அனுபவத்தில் இந்தக் கடிதத்தை எழுதுகிறவர்கள் நன்றியுரைக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியைக்கூடத் தேதிகளுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு விளக்கினால் நான் சொல்ல வருவது தெளிவாகும் என்று நினைக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய ஒரு செவிலியர், 2024 ஜூன் மாத இறுதியில், தாம் எழுதிய வரைவை என்னிடம் கொண்டுவந்து, "மேடம், அலுவலகத்துல கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். அவர் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு, 14 மார்ச் 2022 அன்று எங்களிடம் சேர்ந்தவர். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில், எம்.எஸ்சி. நர்சிங்கில் மருத்துவ, அறுவை சிகிச்சைச் செவிலியப் பிரிவில் அவருக்குத் தற்காலிகச் சேர்க்கைக் கடிதம் வந்திருந்தது. 9 செப்டம்பர் 2024 அன்று அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் மருத்துவமனையில் இத்தகைய கடிதங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுவார்கள். அவர் எழுதியதன் பொருளைத் தமிழில் தருகிறேன். "சில தனிப்பட்ட காரணங்களால் என்னால் பணியைத் தொடர இயலவில்லை. எனவே என் ராஜினாமாவைத் தயவுகூர்ந்து பரிசீலித்து, கூடிய விரைவில் என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கி, அடுத்த பத்தியில் தொடர்ந்து தரப்பட்ட இரவுப் பணிகளையும் ஆள் பற்றாக்குறையையும் நீளமாகச் சொல்லி, இறுதியில் எல்லோருக்கும் நன்றி கூறி முடித்திருந்தார். பணிவான, நேர்மையான கடிதம். ஆனால் அதில் கடிதம் எழுதிய தேதியைத் தவிர வேறு தேதியே இல்லை.

அந்த இரண்டு வாக்கியங்களிலும் மூன்று இடங்கள் சிக்கலானவை. முதலாவது, "பரிசீலித்து" என்ற சொல். விலகுகிறேன் என்று அறிவிக்கும் கடிதத்தை அது ஒரு விண்ணப்பமாக மாற்றிவிடுகிறது. விண்ணப்பத்துக்கு நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். முன்னறிவிப்புக் காலம் எந்த நாளில் தொடங்கியது என்ற கேள்வி எழுந்தால், "உங்கள் கடிதம் பரிசீலனையில் இருந்தது" என்று சொல்வதற்கு இடம் கிடைத்துவிடும். இரண்டாவது, "கூடிய விரைவில்". நான் பணி அட்டவணை போடுகிறவள். எனக்கு வேண்டியது ஒரு நாள். அந்த நாள் கடிதத்தில் இல்லாவிட்டால் அதை நிர்வாகம் தன் வசதிக்கேற்ப நிரப்பிக்கொள்ளும், அது பெரும்பாலும் செவிலியரின் வசதியாக இருக்காது. மூன்றாவது, "தனிப்பட்ட காரணங்கள்". இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவருடைய நியமன ஆணையை எடுத்துவரச் சொன்னேன். பணியிலிருந்து விலகுகிற எவரும் கடிதத்தை எழுதுவதற்கு முன் படிக்க வேண்டிய தாள் அதுவே. அதில் "இரண்டு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான ஊதியம்" என்று இருந்தது. இரண்டு மாதம் என்பதும் அறுபது நாள் என்பதும் ஒன்றல்ல. ஜூலையும் ஆகஸ்டும் முப்பத்தொரு நாள் மாதங்கள் என்பதால் இரண்டு நாள் வேறுபடும். அதைவிட முக்கியமானது, அந்தக் காலம் கடிதத்தின் தலைப்பில் எழுதிய தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை, அலுவலகம் அதைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது. அவருடைய வரைவில் 28 ஜூன், வெள்ளிக்கிழமை என்று இருந்தது. மனிதவளத் துறையில் அதைக் கொடுக்கப்போவது திங்கட்கிழமை, 1 ஜூலை அன்றுதான். ஆகவே தேதியை 1 ஜூலை என்று மாற்றி, அன்றே கொடுத்து, நகலில் "பெறப்பட்டது" என்ற முத்திரையும் கையொப்பமும் நேரமும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு அதன் நீலக் குறியை நம்பி இருப்பவர்கள் உண்டு. அந்தக் குறி ஒருவர் பார்த்தார் என்பதைக் காட்டுமே தவிர, நிறுவனம் பெற்றுக்கொண்டது என்பதைக் காட்டாது. நேரில் கொடுக்க இயலாதபோது அலுவலக மின்னஞ்சலுக்கும், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலிலும் அனுப்பலாம்.

1 ஜூலையில் தொடங்கும் இரண்டு மாதம் 31 ஆகஸ்ட், சனிக்கிழமையோடு முடிகிறது. சேர்க்கை நாளான 9 செப்டம்பருக்கு இடையில் ஒரு வாரம் கிடைக்கிறது. அந்த ஒரு வாரத்தை அவர் வீணாக நினைத்தார்; இன்னும் தாமதமாகக் கடிதம் கொடுத்தால் ஒரு வாரச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்குமே என்றார். அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கணக்குத் துறை, மருந்தகம், துணிப்பிரிவு, நூலகம், விடுதி, கணினிப் பிரிவு என்று, பாக்கி எதுவும் இல்லை எனக் காட்டும் நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டிய இடங்களில் ஒருவர் விடுப்பில் இருந்தாலும் இரண்டு நாள் போய்விடும். எம்.எஸ்சி. முழுநேரப் படிப்பு என்பதால் சேர்க்கைத் தேதிக்குப் பிறகும் மருத்துவமனையின் வருகைப் பதிவில் பெயர் இருந்தால், ஒரே நேரத்தில் பணியிலும் கல்லூரியிலும் இருந்ததாகப் பொருள்படும். விடுவிப்புத் தேதி சேர்க்கைத் தேதிக்கு முன்னதாக, சந்தேகத்துக்கு இடமின்றி, இருந்தாக வேண்டும்.

இங்கே வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. செவிலியரின் இரவுப் பணி ஒரு தேதியில் தொடங்கி அடுத்த தேதியில் முடிகிறது. ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு இரவுப் பணி போட்டிருந்தால், அவர் பணியை ஒப்படைத்துவிட்டு விரலை வைத்து வெளியேறுவது செப்டம்பர் 1 காலையில்தான் நடக்கும். அனுபவச் சான்றிதழ் ஆகஸ்ட் 31 என்று சொல்லும், வருகைப் பதிவு செப்டம்பர் 1 என்று சொல்லும், சம்பளக் கணக்கில் அந்த இரவு எந்த மாதத்தில் சேர்கிறது என்று ஒரு கேள்வி எழும். இப்படி ஒரு சிறு முரண்பாட்டால் இறுதிக் கணக்கு வாரக்கணக்கில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கடைசி வாரத்தில் பகல் பணி மட்டும் என்று நான் அட்டவணை போடுவேன். கடிதம் எழுதுகிறவர்களும் "31 ஆகஸ்ட் 2024 அன்று பகல் பணி முடிவில்" என்று எழுதிவிடுவது நல்லது. பணி அட்டவணை மாதந்தோறும் முன்கூட்டியே தயாராகிவிடுவதால், விலகப்போவதை மாத இறுதிக்கு முன்பே கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி வைப்பது இன்னும் நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர், மற்றவர்களில் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் நிறுத்த வேண்டியிருக்கிறது. பொது வார்டிலிருந்து ஒருவரை அழைத்துவந்து அந்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. சுவாசக் கருவியையும் மருந்துப் பம்புகளையும் தனியாகக் கையாளும் அளவுக்கு ஒருவரைப் பழக்குவதற்கு அந்த இரண்டு மாதமே போதாமல் போவதுண்டு. முன்னறிவிப்புக் காலம் என்பது மருத்துவமனைக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை இந்தப் பிரிவில் இருந்தவர்கள் அறிவார்கள்.

முன்னறிவிப்புக் காலத்தில் எடுக்கும் விடுப்பைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். பல மருத்துவமனைகளில் அந்தக் காலத்தில் எடுக்கும் விடுப்பு நாட்கள் அளவுக்கு விடுவிப்புத் தேதியைத் தள்ளிப்போடும் விதி இருக்கிறது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டால் 31 ஆகஸ்ட் என்பது 4 செப்டம்பராகிவிடும். இடையில் விட்டிருக்கும் ஒரு வாரம் அதற்கும் பயன்படும்.

அடுத்தது காரணம். "தனிப்பட்ட காரணங்கள்" என்று எழுதுவது தவறல்ல. காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் உயர்கல்விக்குச் செல்கிறவருக்கு அந்தக் காரணத்தை வெளிப்படையாக எழுதுவதில் பயன் உண்டு. கல்லூரியின் சேர்க்கைத் தேதியைக் கடிதத்தில் குறிப்பிட்டு, சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்தால், விடுவிப்புத் தேதியைத் தள்ளிப்போட நினைக்கும் அலுவலருக்கும் அது ஒரு வரம்பாகிவிடும். ஒருவேளை கல்லூரி சேர்க்கையை முன்னால் கொண்டுவந்தால், மீதமுள்ள நாட்களுக்கு ஊதியத்தை ஈடாகச் செலுத்தி முன்கூட்டியே விலக அனுமதி கேட்பதற்கும் அது அடிப்படையாகும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு மருத்துவமனைக்குச் செல்பவர்கள் சிலர் மேற்படிப்பு என்று எழுதிவிடுவார்கள். சில மாதங்களில் புதிய மருத்துவமனையிலிருந்து சரிபார்ப்புக்கான அழைப்பு வரும்போது எங்கள் கோப்பில் இருப்பதும் அவர்கள் அங்கே சொன்னதும் பொருந்தாமல் போகும். உண்மையாகவே படிக்கச் செல்பவர்களின் சொல்லையும் அது சந்தேகத்துக்குள்ளாக்குகிறது என்பது என் வருத்தம்.

இரவுப் பணிகளைப் பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னபோது அவர் முகம் வாடியது. "அதுல ஒண்ணும் பொய் இல்லையே மேடம்" என்றார். பொய் இல்லை என்பது எனக்கும் தெரியும்; அந்த அட்டவணைகளில் கையெழுத்திட்டவள் நான். ஆள் போதாத மாதங்களில் வேறு வழியின்றி ஒருவருக்கே அடுத்தடுத்து இரவுகள் போனதுண்டு. அந்தப் புகார் சொல்லப்பட வேண்டியது, அதுவும் எழுத்தில் சொல்லப்பட வேண்டியது. ஆனால் பணிவிலகல் கடிதம் தனிக்கோப்பில் போய்விடும். அதைப் படித்து அட்டவணையை மாற்றும் அதிகாரம் உள்ளவர் எவர் கையிலும் அது சேராது. பிற்காலத்தில் சரிபார்ப்புக்காகக் கோப்பைத் திறப்பவர் கண்ணில் மட்டுமே அது படும், அவருக்கு அதனால் எழுதியவர்மீது ஒரு தவறான எண்ணம் ஏற்படலாம். ஆகவே அந்தப் பத்தியைத் தேதிகளோடும் பணி நேரங்களோடும் தனிக் கடிதமாக எழுதி, என் வழியாக மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அனுப்பச் சொன்னேன். அதை நானும் பரிந்துரைத்து அனுப்பினேன்.

பணி ஒப்படைப்பைப் பற்றி அவருடைய வரைவில் ஒரு சொல்லும் இல்லை. மாணவப் பருவத்தைக் கடந்து சில ஆண்டுகளே ஆன செவிலியர் தம் பொறுப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது அவருக்கே வியப்பாக இருந்தது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அந்தப் பிரிவின் சார்பில் அவர்தான் பொறுப்பு. கை கழுவும் பழக்கத்தைக் கண்காணிக்கும் மாதாந்திரத் தாள்களும், செயற்கைச் சுவாச நோயாளிகளுக்கு நுரையீரல் தொற்று வராமல் தடுக்கும் நடைமுறைகளின் தினசரிச் சரிபார்ப்புத் தாள்களும் அவர் கையில் இருந்தன. புதிதாகச் சேர்ந்த இரண்டு செவிலியருக்கு அவர் வழிகாட்டி. அவர்களுடைய திறன் மதிப்பீட்டுத் தாள்களில் பல இடங்கள் கையெழுத்தாகாமல் இருந்தன. அவர் போய்விட்டால் அந்த இருவரின் பயிற்சியை யார் பார்த்து உறுதிசெய்தார் என்பதற்குச் சான்று இருக்காது, அவர்களுடைய பணி உறுதிப்பாடு தள்ளிப்போகும்.

போதைமருந்துப் பதிவேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபெண்டனில், மார்ஃபின் ஆகிய வலிநிவாரண மருந்துகளின் ஆம்பூல்கள் இரட்டைப் பூட்டு அலமாரியில் இருக்கும்; ஒவ்வொரு பணிமாற்றத்திலும் இரண்டு செவிலியர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்; பயன்படுத்திய காலி ஆம்பூல்கள் மருந்தகத்துக்குத் திரும்பிச் சென்றாக வேண்டும்; ஓர் ஆம்பூலில் பாதியைக் கொடுத்து மீதியை அப்புறப்படுத்தினால் அதற்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். விலகிச் செல்பவரின் பெயரில் ஒரு சாட்சிக் கையெழுத்து விடுபட்டிருந்தாலும், அவர் போன பிறகு வரும் தணிக்கையில் அது கணக்கில் வராத மருந்தாகத் தெரியும். அப்போது விளக்கம் சொல்ல அவர் அங்கே இருக்க மாட்டார். இதனால்தான் கடைசி வாரத்தில் தம் கையெழுத்துள்ள பக்கங்களை இன்சார்ஜ் சிஸ்டரோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடச் சொல்வேன். கணினியில் மருந்து கொடுத்ததைப் பதியும் அவருடைய கணக்கையும் கடைசிப் பணி முடிந்தவுடன் மூடச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். அது திறந்தே இருந்தால், அவசரத்தில் வேறொருவர் அதில் பதிந்துவிட, பணியில் இல்லாத ஒருவர் மருந்து கொடுத்ததாக நோயாளியின் ஆவணம் சொல்லும். இத்தனையையும் கடிதத்தில் விவரிக்க வேண்டியதில்லை. பொறுப்புகளின் பெயர்களை ஒரு வாக்கியத்தில் சொல்லி, ஒப்படைக்கும் காலத்தையும் சொன்னால் போதும். நோயாளி எவருடைய பெயரோ படுக்கை எண்ணோ அதில் வரக்கூடாது; அந்தக் கடிதம் மருத்துவ ஆவணம் அல்ல, பல கைகளுக்குச் செல்லும் அலுவலகத் தாள்.

இனி அவர் இறுதியாகக் கொடுத்த கடிதம். பெயரையும் பணியாளர் எண்ணையும் நீக்கித் தருகிறேன்.

"நாள்: 1 ஜூலை 2024. பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர். வழி: செவிலியர் கண்காணிப்பாளர். பொருள்: மேற்படிப்பின் பொருட்டுப் பணிவிலகல் அறிவிப்பு.

ஐயா, நான் 14 மார்ச் 2022 முதல் தங்கள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றி வருகிறேன். எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேர எனக்கு இடம் கிடைத்துள்ளது. 9 செப்டம்பர் 2024 அன்று கல்லூரியில் சேர வேண்டும். சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். எனவே நான் பணியிலிருந்து விலகுகிறேன். என் நியமன ஆணையின்படி இந்தக் கடிதத்தை இரண்டு மாத முன்னறிவிப்பாகக் கொண்டு, 31 ஆகஸ்ட் 2024 அன்று பகல் பணி முடிவில் என்னை விடுவிக்குமாறு வேண்டுகிறேன்.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு, புதிய செவிலியரின் பயிற்சித் தாள்கள், என் பெயரில் உள்ள பிரிவுப் பதிவேடுகள் ஆகியவற்றை ஆகஸ்ட் மாதம் மூன்றாம் வாரத்துக்குள், தாங்கள் குறிப்பிடும் செவிலியரிடம் எழுத்து மூலம் ஒப்படைப்பேன்.

விடுவிப்பு ஆணையையும், பணிப்பதவி, பிரிவு, பணிக்காலம் ஆகியவற்றைக் குறிப்பிடும் அனுபவச் சான்றிதழையும், பணியில் சேர்ந்தபோது நான் ஒப்படைத்த, இணைப்பில் பட்டியலிட்டுள்ள அசல் சான்றிதழ்களையும் விடுவிப்பு நாளன்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீவிர சிகிச்சையில் என்னைப் பழக்கிய மூத்த செவிலியருக்கும் மருத்துவர்களுக்கும் என் நன்றி."

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் கடிதம். "விலகுகிறேன்" என்பது அறிவிப்பாகவும், தேதியும் சான்றுகளும் வேண்டுகோளாகவும் தனித்தனியே நிற்பதைக் கவனிக்கலாம்.

அனுபவச் சான்றிதழில் பணிப்பதவியை எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. பல தனியார் மருத்துவமனைகளில் முதல் ஆறு மாதத்தைப் பயிற்சிக் காலம் என்று வைத்திருப்பார்கள். சான்றிதழிலும் "டிரெய்னி" என்று எழுதிவிடுவார்கள். ஓராண்டு மூன்று மாதம் பணியாற்றிய ஒருவருக்கு அந்த ஆறு மாதத்தைக் கல்லூரி ஏற்காவிட்டால் மிஞ்சுவது ஒன்பது மாதம்தான், தகுதியே போய்விடும். இவருக்கு அந்த ஆறு மாதத்தைக் கழித்தாலும், 14 செப்டம்பர் 2022-இலிருந்து கணக்கிட்டால், இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியது, ஆகவே ஆபத்து இல்லை. குறைந்த அனுபவத்தோடு விண்ணப்பிப்பவர்கள், பதிவு பெற்ற செவிலியராக முழுநேரப் பணியில் எந்த நாள் முதல் இருந்தார்கள் என்பதைச் சான்றிதழ் சொல்கிறதா என்று கடிதம் கொடுக்கும் முன்பே கேட்டு அறிய வேண்டும். மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையையும் சில கல்லூரிகள் கேட்பதுண்டு.

அசல் சான்றிதழ்களைப் பற்றிய வாக்கியம் கடிதத்தில் இருந்தது எங்கள் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை, கவுன்சில் பதிவுச் சான்றிதழ் உட்பட, அசல்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறது. அதோடு இத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தமும் இருக்கும். செவிலியர் சமுதாயத்துக்கு இழைக்கப்படும் அநீதிகளில் சான்றிதழைப் பிடித்துவைப்பதை முதன்மையானதாக நான் கருதுகிறேன். ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடு கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அந்த இழப்பீட்டின் உச்ச வரம்பே அன்றி, தானாகக் கிடைத்துவிடும் தொகை அல்ல. ஆனால் ஒருவரைக் கட்டாயப்படுத்தித் தொடர்ந்து பணியாற்ற வைக்க நீதிமன்றம்கூட ஆணையிடுவதில்லை. அப்படியிருக்க, சான்றிதழைக் காட்டி மிரட்டி ஒருவரை வார்டில் நிறுத்தி வைப்பது எந்த வகையில் நியாயமாகும்? பட்டியலைக் கடிதத்தோடு இணைத்தால், எந்தெந்த அசல்கள் நிர்வாகத்திடம் உள்ளன என்பதற்கு முத்திரையிட்ட ஒரு சான்று செவிலியர் கையில் இருக்கும். பிற்பாடு "நீங்கள் கொடுக்கவே இல்லை" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

இடம் கிடைப்பது உறுதியாகாதபோது கடிதம் கொடுக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "இடம் கிடைத்தால் விலகுகிறேன்" என்று எழுதுவதில் பயனில்லை; நிபந்தனையோடு எழுதியதை நிர்வாகம் முன்னறிவிப்பாக ஏற்காது, இரண்டு மாதமும் ஓடத் தொடங்காது. சேர்க்கைக் கடிதம் கையில் கிடைத்த பிறகு எழுதுவதே பாதுகாப்பானது. எழுதிக் கொடுத்த பிறகு இடம் கைநழுவிப் போனால், எதிர்காலத் தேதியிட்ட பணிவிலகலை அந்தத் தேதி வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்ற கொள்கை நம் சட்டத்தில் உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதத்தில் கடிதம் கொடுத்துவிட்டு, ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. ஆனால் தனியார் மருத்துவமனையில் நியமன ஆணையின் வாசகமும் நிர்வாகம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஏற்புக் கடிதமும் குறுக்கே நிற்கக்கூடும், அந்த இடத்தில் வேறொருவரை நியமித்துவிட்டிருக்கவும் கூடும். ஆகவே அந்தத் தீர்ப்பை நம்பி அவசரப்பட்டுக் கடிதம் கொடுக்க வேண்டாம் என்பேன். அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் உள்ளவை பொருந்தா. ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலத்தின் பலனை இழக்க நேரும்; பணியில் இருந்துகொண்டே படிக்கத் துறையின் அனுமதி பெறும் வழியை அவர்கள் முதலில் தேட வேண்டும்.

அவருடைய கடிதத்தை நான் அன்றே பரிந்துரைத்து அனுப்பினேன். அந்த வாரத்துக்குள் ஏற்புக் கடிதமும் வந்தது. அதில் விடுவிப்பு நாள் "இரண்டு மாதத்துக்குப் பின்" என்று பொதுவாக எழுதப்பட்டிருந்ததால், 31 ஆகஸ்ட் 2024 என்று தெளிவாகக் குறிப்பிடும்படி திருப்பி அனுப்பினேன். ஏற்புக் கடிதத்திலும் விடுவிப்பு ஆணையிலும் அனுபவச் சான்றிதழிலும் அந்த ஒரே தேதி இருக்கிறதா என்று செவிலியர் அவற்றை வாங்கும் மேசையிலேயே நின்று பார்க்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், பி.எஸ்சி. சான்றிதழில் ஓர் எழுத்தும் அனுபவச் சான்றிதழில் இரண்டு எழுத்தும் இருந்து, சேர்க்கை நாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும் என்பதால் இவருக்கு அது கிடைக்கவில்லை. ஐந்தாண்டை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் விடுவிப்புத் தேதியைக் குறிக்கும் முன் சேர்ந்த நாளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. வருங்கால வைப்பு நிதியைப் பொறுத்தவரை, யு.ஏ.என். எனப்படும் உறுப்பினர் எண் வேலை மாறினாலும் அவரோடே இருக்கும். மருத்துவமனை அந்தக் கணக்கில் பணிமுடிவுத் தேதியைப் பதிய வேண்டும். அது பதியப்படாவிட்டால், படிப்பு முடிந்து புதிய இடத்தில் சேர்ந்து பழைய தொகையை மாற்ற முயலும்போது கோரிக்கை நின்றுவிடும். செப்டம்பர் மாத இறுதியில் அவர் விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசியபோது, அந்தத் தேதி இன்னும் ஏறவில்லை என்று சொன்னார். மனிதவளத் துறைக்கு விடுவிப்பு ஆணையின் நகலோடு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். அடுத்த வாரம் 31 ஆகஸ்ட் 2024 என்று பதிவாகிவிட்டது.